பிரஷ் பதியவில்லை, டெக்ஸ்சர் முகத்தைக் கறுக்க வைக்கிறது: லேயர், மாஸ்க், பிளெண்ட் மோட் கோளாறுகளை அறிகுறி வாரியாகச் சரிசெய்வது

போட்டோஷாப்பில் ஒரு புகைப்படத்தை ஓவியம் போலவோ பழைய காகிதத்தில் அச்சிட்டது போலவோ மாற்றும்போது வருகிற சிக்கல்கள் பார்வைக்கு வேறு வேறாகத் தெரியும். ஆல்பமும் போஸ்டரும் வடிவமைக்கிற வேலையில் "இதை மட்டும் கொஞ்சம் பாருங்க" என்று என் மேசைக்கு வந்த கோப்புகளில் திரும்பத் திரும்ப இருந்தவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். ஒன்று, தவறான லேயரில் நிற்கிறோம். அல்லது மாஸ்க்கில் நாம் நினைத்தது இல்லை. அதுவும் இல்லையென்றால், பிளெண்ட் மோட் நாம் எதிர்பார்த்த அடிப்படத்தோடு சேரவில்லை.

ஒரே கோப்பை வைத்தே சொல்கிறேன். ஓர் அரங்கேற்றப் படம். வெள்ளைச் சுவர் முன்னால் எடுத்தது, பெண்ணின் கூந்தலில் மல்லிகைச் சரம். வீட்டார் கேட்டது 12×18 அங்குல அச்சு: பின்னணி ஆழ்ந்த பழுப்பு, படம் முழுக்கப் பழைய காகிதத்தின் சாயல், மேலே பொன்துகள் மின்னல். லேயர்கள் கீழிருந்து மேலாக இப்படி இருந்தன: பழுப்புப் பின்னணி, மாஸ்க்கோடு பெண்ணின் படம், காகித டெக்ஸ்சர், பொன்துகள், கடைசியாக ஒரு Curves. கீழே வருகிற கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கோப்பிலேயே வந்தன.

## எதையும் திருத்துவதற்கு முன்

மூன்று சோதனைகள், ஒரு நிமிடம்கூட ஆகாது.

முதலில், சந்தேகப்படுகிற லேயரின் கண் குறியை `Alt` அழுத்திச் சொடுக்குங்கள். மற்ற எல்லாம் மறைந்து அது மட்டும் தெரியும். மறுபடி அதே சொடுக்கு எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுவரும். அடுத்து, மாஸ்க்கின் சிறுபடத்தை `Shift` அழுத்திச் சொடுக்குங்கள். மேலே சிவப்புப் பெருக்கல் குறி விழும், மாஸ்க் தற்காலிகமாக அணையும். மூன்றாவதாக, பிளெண்ட் மோடை `Normal` ஆக்கிப் பாருங்கள்.

எந்தச் சோதனையில் கோளாறு மறைகிறதோ, தேட வேண்டிய இடம் அதுதான். இதைச் செய்யாமல் மேலே இன்னொரு லேயர் போட்டு மூடினால், அந்தக் கோப்பை இரண்டாம் நாள் திறக்கும்போது எது எதை மாற்றுகிறது என்று செய்தவருக்கே தெரியாது. என்னிடம் வந்த கோப்புகளில் நேரம் அதிகம் போனது அப்படி மூடிய லேயர்களைப் பிரித்தெடுக்கத்தான்.

## அறிகுறி 1: மாஸ்க்கில் பிரஷ் சரியாக விழவில்லை

மாஸ்க்கில் விழாமல் படத்தின் மேலேயே கறுப்பு விழுகிறது. மாஸ்க் தேர்வில் இல்லை, படம் தேர்வில் இருக்கிறது. லேயரில் இரண்டு சிறுபடங்கள் இருக்கும். எதைச் சுற்றிச் சட்டம் தெரிகிறதோ அதில்தான் பிரஷ் வரையும். `Ctrl + Z` போட்டுத் திரும்பிவந்து, மாஸ்க்கின் சிறுபடத்தைச் சொடுக்குங்கள். `Ctrl + \` அழுத்தினாலும் மாஸ்க் தேர்வாகும்.

எங்குமே எதுவும் விழவில்லை. நிறத்தை முதலில் பாருங்கள். ஏற்கெனவே வெள்ளையாக இருக்கும் மாஸ்க்கில் வெள்ளை பூசினால் ஒன்றும் தெரியாது. `D` அழுத்தி, தேவைப்பட்டால் `X` அழுத்தி மாற்றுங்கள். அடுத்தது, கண்ணுக்குத் தெரியாத செலக்‌ஷன். எப்போதோ `Ctrl + H` பட்டு ஓடும் கோடுகள் மறைந்திருக்கும், செலக்‌ஷன் மட்டும் உயிரோடு இருக்கும். அதற்கு வெளியே பிரஷ் வேலை செய்யாது. `Ctrl + D` போட்டு மறுபடி வரைந்து பாருங்கள்.

விழுகிறது, ஆனால் அரைகுறையாக மறைக்கிறது. இது பெரும்பாலும் விசைப்பலகையால் வருவது. பிரஷ் கையில் இருக்கும்போது எண் விசையைத் தட்டினால் பிரஷ்ஷின் ஒபாசிட்டிதான் மாறும், லேயருடையது மாறாது. `3` தட்டினால் பிரஷ் 30% ஆகிவிடும். அதேபோல பிரஷ்ஷோடு `Shift` மற்றும் `+` அழுத்தினால் பிரஷ்ஷின் மோட் மாறிவிடும். லேயரின் மோடை மாற்றுகிறோம் என்று நினைத்து நாலைந்து முறை தட்டியிருப்போம், லேயர் அப்படியே நிற்கும், பிரஷ் மட்டும் வேறு எதுவோ ஆகியிருக்கும். மேல் பட்டையில் `Mode: Normal`, `Opacity: 100%`, `Flow: 100%` என்று இருக்கிறதா என்று பாருங்கள். லேயரின் மோடை விசையால் மாற்ற வேண்டுமானால் முதலில் `V` அழுத்தி மூவ் டூலுக்குப் போங்கள்.

பிரஷ் சரியாக இருந்தும் கறுப்பு முழுக்க மறைக்கவில்லையா? மாஸ்க்கைத் தேர்ந்து Properties பேனலில் `Density` பாருங்கள். அது 100%க்குக் கீழே இருந்தால் எத்தனை முறை கறுப்புப் பூசினாலும் படம் கசிந்து தெரியும்.

இவ்வளவும் பார்த்த பிறகு மாஸ்க்கின் சிறுபடத்தை `Alt` அழுத்திச் சொடுக்குங்கள். மாஸ்க் மட்டும் கறுப்பு வெள்ளையாகத் திரை முழுக்கத் தெரியும். அரங்கேற்றப் படத்தில் பெண்ணின் பாவாடை மடிப்புகளில் பழுப்புத் திட்டுகள் தெரிந்தன. படத்தில் அவை நிழல் மாதிரிதான் இருந்தன. மாஸ்க்கை மட்டும் பார்த்தபோது பாவாடைக்குள் சாம்பல் ஓட்டைகள். வெள்ளை பிரஷ்ஷால் இரண்டு நிமிடத்தில் அடைத்தேன். இந்தக் கோளாறுக்கு வெளியாள் தேவையே இல்லை.

## அறிகுறி 2: பிளெண்ட் மோடை மாற்றுகிறேன், படம் மாறவே இல்லை

பெட்டியே மங்கலாக இருக்கிறது. நிற்பது `Background` லேயர். பூட்டுக் குறியைச் சொடுக்கினால் அது சாதாரண லேயராகிவிடும். ஆனால் அதற்குக் கீழே எதுவும் இல்லாதவரை மோடை மாற்றியும் பயனில்லை.

மோட் மாறுகிறது, லேயர் காணாமல் போகிறது. ஒவ்வொரு மோடுக்கும் ஒரு செயலற்ற நிறம் உண்டு. `Multiply` வெள்ளையைக் கண்டுகொள்ளாது. `Screen` கறுப்பைக் கண்டுகொள்ளாது. `Overlay`, `Soft Light` இரண்டும் 50% சாம்பலைக் கண்டுகொள்ளாது. வெள்ளைக் காகிதத்தில் மெல்லிய கோடுகள் உள்ள டெக்ஸ்சரை `Multiply`யில் வைத்தால் கோடுகள் மட்டும்தான் மிஞ்சும். அது கோளாறே இல்லை. மோட் தன் வேலையைத்தான் செய்கிறது.

குரூப்புக்குள் போட்டதும் தோற்றம் மாறிவிட்டது. இதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். குரூப்பின் மோட் `Pass Through` என்று இருந்தால், உள்ளே இருக்கும் லேயர்கள் குரூப்புக்கு வெளியே கீழே இருப்பவற்றோடும் சேரும். `Normal` ஆகிவிட்டால் குரூப் ஒரு மூடிய பெட்டி. உள்ளே இருக்கும் `Overlay` டெக்ஸ்சருக்குச் சேர்வதற்கு அடியில் எதுவும் இருக்காது. அதனால் டெக்ஸ்சர் சாதாரண படமாகத் தெரிந்து எல்லாவற்றையும் மூடிவிடும். குரூப்பைச் சொடுக்கி மோடைப் பாருங்கள், `Pass Through` ஆக்குங்கள்.

சில நேரம் `Normal` தான் தேவை. ஒரு Curves, குரூப்புக்குள் இருக்கிற பெண்ணை மட்டும் மாற்ற வேண்டும், பின்னணியைத் தொடக்கூடாது என்றால் குரூப்பை வேண்டுமென்றே `Normal`இல் வையுங்கள். அப்புறம் டெக்ஸ்சரை அந்தக் குரூப்புக்கு வெளியே, மேலே எடுத்துவிடுங்கள்.

லேயருக்கு இடப்பக்கம் கீழ்நோக்கிய சிறு அம்பு இருக்கிறது. அது கிளிப் ஆகியிருக்கிறது. தனக்குக் கீழே உள்ள அடி லேயரின் உருவத்துக்குள் மட்டும்தான் அது தெரியும். படம் முழுக்க வர வேண்டிய டெக்ஸ்சர் பெண்ணின் மேல் மட்டும் வந்தால் காரணம் இதுதான். `Ctrl + Alt + G` கிளிப்பை விடுவிக்கும்.

இவற்றில் எதுவும் இல்லையென்றால் லேயரின் பெயருக்கு வலப்பக்கம் இரட்டைச் சொடுக்கு செய்து, `Blend If` ஸ்லைடர்கள் 0, 255 என்ற இரு கோடியிலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வேறு யாரோ செய்த கோப்பை வாங்கி வேலை செய்யும்போது இங்கே ஒரு பழைய அமைப்பு ஒளிந்திருக்கும்.

## அறிகுறி 3: வெட்டியெடுத்த உருவத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு

வெள்ளைச் சுவர் முன் எடுத்த படத்தை இருண்ட பின்னணியில் வைத்தால் இது கட்டாயம் வரும். மாஸ்க் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் வரும், ஏனென்றால் தவறு மாஸ்க்கில் மட்டும் இல்லை. முடியின் ஓரத்துப் பிக்சலில் பாதி முடி, பாதி சுவர். முடியின் வெளிச்ச அளவு 40, சுவர் 240 என்றால் அந்தப் பிக்சல் 140. மாஸ்க் அதைச் சரியாக 50% மறைக்கிறது, பின்னணி 30 என்று வையுங்கள். கிடைப்பது 85. சுவரின் வெளிச்சம் கலக்காமல் இருந்திருந்தால் 35 கிடைத்திருக்கும். அந்த 50 வித்தியாசம்தான் கண்ணில் கோடாகத் தெரிகிறது.

எளிதானதிலிருந்து தொடங்குவோம். மாஸ்க்கைத் தேர்ந்து `Ctrl + L` போட்டு, கறுப்பு ஸ்லைடரை மெல்ல வலப்பக்கம் நகர்த்துங்கள். ஓரத்துச் சாம்பல் இருண்டு மாஸ்க் சற்றே உள்ளே சுருங்கும். உடை, கை, நகை போன்ற கெட்டியான ஓரங்களுக்கு இது போதும். முடிக்கு இதைச் செய்தால் மெல்லிய இழைகள் எல்லாம் போய், தலைக்கவசம் போட்டது போலாகிவிடும்.

முடிக்கு நான் செய்வது வேறு. பெண்ணின் லேயருக்கு மேலே ஒரு வெற்று லேயர் போட்டு, கிளிப் செய்து, மோடை `Darken` ஆக்குகிறேன். `Alt` அழுத்திக் கூந்தலின் உட்பகுதியிலிருந்து நிறத்தை எடுத்து, மென்மையான பிரஷ்ஷால் ஓரம் முழுக்கப் பூசுகிறேன். கிளிப் செய்திருப்பதால் நிறம் பின்னணிக்கு வழியாது. `Darken` ஆதலால் ஏற்கெனவே கறுப்பாக இருக்கும் முடி மாறாது. வெளுத்த பிக்சல்கள் மட்டும் முடியின் நிறத்தை வாங்கிக்கொள்ளும்.

இந்தப் படத்தில் சிக்கல் மல்லிகை. ஓரமாகப் பூசிக்கொண்டு போனால் பூவும் கறுத்துவிடும். அதனால் அந்தப் பூச்சு லேயருக்கே ஒரு மாஸ்க் போட்டு, சரம் இருக்கும் இடத்தைக் கறுப்பால் மறைத்தேன். பூவின் ஓரத்தை மாஸ்க் சுருக்கியே சரிசெய்தேன். வெள்ளைப் பூ இருட்டில் ஒரு பிக்சல் உள்ளே போனால் யாருக்கும் தெரியாது.

`Select and Mask` உள்ளே `Decontaminate Colors` என்ற வசதியும் இதையே தானாகச் செய்யும். அது படத்தின் பிக்சல்களையே மாற்றிப் புதிய லேயரில் தருவதால், பழைய லேயரை அழிக்காமல் மறைத்து வையுங்கள். மல்லிகைக்குப் பக்கத்தில் இது கூந்தல் நிறத்தைப் பூவுக்கும் தடவிவிட்டது, அதனால் நான் கையாலேயே பூசினேன்.

எங்கே நிறுத்த வேண்டும்? நரைத்த தலை வெள்ளைச் சுவர் முன், அல்லது சல்லாத் துணி முக்காடு ஒரு கூட்டமான பின்னணி முன் என்றால், பிரிக்க வேண்டிய எல்லையே படத்தில் இல்லை. ஒரு மணி நேரம் முயன்றும் ஓரம் நிற்கவில்லையென்றால், இழை இழையாக முடி வரைகிற ரீடச்சரிடம் கொடுங்கள். அல்லது பின்னணியை வெளிர் நிறமாக மாற்ற முடியுமா என்று வீட்டாரைக் கேளுங்கள். வெளிர் பின்னணியில் அந்தப் படத்தின் ஒரு பிரதியை `Multiply`யில் வைத்தாலே வெள்ளைச் சுவர் கரைந்துவிடும், முடிக்கு மாஸ்க்கே வேண்டியிருக்காது.

## அறிகுறி 4: டெக்ஸ்சர் போட்டதும் முகம் கறுத்து அழுக்காகிவிட்டது

முதலில் மோடைப் பாருங்கள். பழுப்புக் காகிதத்தை `Multiply`யில் வைத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் நடப்பது வெறும் பெருக்கல். இந்தப் படத்தில் கன்னத்தின் நிறம் தோராயமாகச் சிவப்பு 210, பச்சை 160, நீலம் 130. காகிதம் 196, 164, 120. ஒவ்வொன்றையும் பெருக்கி 255ஆல் வகுத்தால் 161, 103, 61 வரும். முகம் இருண்டது மட்டும் இல்லை, நீலம் பாதிக்கும் கீழே போய்விட்டது. மண் பூசியது போலத் தெரிவது அதனால்தான்.

ஒபாசிட்டியைக் குறைப்பதுதான் எல்லோரும் செய்வது. 30%க்குக் கொண்டுவந்தால் முகம் தெளியும், ஆனால் காகிதத்தின் நாரும் கூடவே காணாமல் போகும். நமக்குத் தேவை நார். நிறத்தை நாம் தனியாகக் கொடுத்துக்கொள்ளலாம்.

காகித லேயரை ஒரு பிரதி எடுத்துக் கீழதை மறைத்துவிடுங்கள். பிரதியில் `Ctrl + Shift + U` போட்டால் நிறம் போய்ச் சாம்பலாகும். மோடை `Overlay` ஆக்குங்கள். இப்போது முகம் வெளுத்துவிடும். காரணம், அந்தக் காகிதம் சாம்பலானபோது சராசரி 158 ஆனது. `Overlay`க்குச் செயலற்ற இடம் 128. அதற்கு மேலே இருப்பதெல்லாம் படத்தை வெளுக்கும். கன்னத்தின் 210 சிவப்பு 221 ஆகிறது.

சராசரியை 128க்குக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். Histogram பேனலை `Expanded View`க்கு மாற்றி, `Source` என்ற இடத்தில் `Selected Layer` தேர்ந்தால் `Mean` என்று ஓர் எண் தெரியும். `Ctrl + L` திறந்து நடு ஸ்லைடரை வலப்பக்கம் நகர்த்துங்கள். என் காகிதத்துக்கு 0.70 அளவில் எண் 128ஐத் தொட்டது. உங்கள் காகிதத்துக்கு வேறு அளவு வரும், எண்ணைப் பார்த்து நிறுத்துங்கள். இப்போது முகத்தின் வெளிச்சம் மாறாது, நார் மட்டும் மேலே தெரியும். நார் கடுமையாக இருந்தால் `Soft Light`க்கு மாற்றுங்கள். ஒபாசிட்டியில் கைவைப்பது அதற்கு அப்புறம்.

பழுப்பு நிறம் வேண்டுமே? மறைத்துவைத்த மூலக் காகிதத்தைத் திறந்து மோடை `Color` ஆக்கி, 15 முதல் 25% வரை வையுங்கள். இப்போது நாரும் நிறமும் தனித்தனி லேயர். வீட்டார் "கொஞ்சம் பழுப்பு குறைக்கலாமா" என்று கேட்டால் ஒரு ஸ்லைடரை மட்டும் தொட்டால் போதும்.

முகத்தில் மட்டும் இன்னும் உறுத்தினால் நார் லேயரின் மாஸ்க்கில் முகத்தைத் தணியுங்கள். முழுக் கறுப்பால் துடைத்தால் முகம் மட்டும் பளிங்காகி, மேலே ஒட்டிவைத்தது போல ஆகிவிடும். பிரஷ் `Flow` 10% வைத்து இரண்டு மூன்று முறை தடவுங்கள். கண்ணிலும் பல்லிலும் மட்டும் இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள். அங்கே ஒரு நார் விழுந்தாலும் பார்ப்பவர் அதைக் கீறல் என்றே நினைப்பார்.

## அறிகுறி 5: பொன்துகள் லேயரைச் சுற்றி மங்கலான செவ்வகம்

கறுப்பு மேல் பொன்துகள் உள்ள படத்தை `Screen`இல் வைத்தால் கறுப்பு மறைய வேண்டும். மறையாமல் ஒரு புகைப்பெட்டி தெரிந்தால், அந்தக் கறுப்பு உண்மையில் 0 இல்லை. அந்த லேயரை மட்டும் தெரியவைத்து, கறுப்பின் மேல் ஐட்ராப்பரை வைத்து Info பேனலில் பாருங்கள், 12, 15 என்று ஏதாவது காட்டும். `Ctrl + L` போட்டுக் கறுப்பு ஸ்லைடரை அந்த எண்ணுக்குச் சற்று மேலே நகர்த்தினால் பெட்டி போய்விடும். அப்புறமும் ஓரம் தெரிந்தால் மாஸ்க் போட்டு விளிம்புகளை மென்மையான பிரஷ்ஷால் கறுப்பாக்குங்கள்.

## அறிகுறி 6: திரையில் ஒன்று, ஃப்ளாட்டன் செய்ததும் வேறு, அச்சில் இன்னொன்று

ஃப்ளாட்டன் செய்ததும் நார் மென்மையாகிவிட்டது, அல்லது கூடிவிட்டது. நீங்கள் 33%இல் பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள். சிறிதாக்கிக் காட்டும்போது போட்டோஷாப் ஒவ்வொரு லேயரையும் முதலில் சுருக்கி, அப்புறம் பிளெண்ட் செய்து காட்டுகிறது. மெல்லிய நாரும் துகளும் உள்ள லேயரில் இந்த வேறுபாடு கண்ணில் படும். `Ctrl + 1` போட்டு 100%இல் பாருங்கள். அங்கே ஃப்ளாட்டனுக்கு முன்னும் பின்னும் ஒன்றாக இருந்தால் கோளாறு இல்லை. டெக்ஸ்சரின் அளவை எப்போதும் 100%இல் வைத்தே முடிவு செய்யுங்கள்.

புரொஃபைல் மாற்றியதும் நிறம் தாவிவிட்டது. லேயர்களோடு மாற்றினால் ஒவ்வொரு மோடும் புதிய நிற வெளியில் மறுபடி கணக்கிடப்படும். `Overlay`யும் `Screen`உம் அங்கே வேறு விடை தரும். குறிப்பாக CMYKக்குப் போகும்போது படமே மாறிவிடும். சரியான வரிசை இது: லேயர்களோடு PSDயைச் சேமியுங்கள். அதன் பிரதியை ஃப்ளாட்டன் செய்யுங்கள். அந்தப் பிரதியை மட்டும் மாற்றுங்கள். வேலைக் கோப்பு RGBயிலேயே இருக்கட்டும்.

இருண்ட பின்னணியில் பட்டை பட்டையாகப் படிகள் தெரிகின்றன. 8 பிட்டில் சாய்வு நிறத்தின் மேல் பல `Soft Light` அடுக்கினால் இது வரும். மேலே 50% சாம்பல் லேயர் ஒன்றை `Overlay`யில் வைத்து 2% அளவு `Add Noise` போட்டாலே பெரும்பாலும் போதும். போதாவிட்டால் 16 பிட்டில் பின்னணியை மறுபடி செய்ய வேண்டும். 12×18 அங்குலம் 300 ppi என்றால் 3600×5400 பிக்சல். ஒரு முழு லேயர் 8 பிட்டில் சுமார் 58 எம்பி, 16 பிட்டில் அதன் இரு மடங்கு. கணினியின் நினைவகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

திரையில் சரி, அச்சில் மட்டும் இருண்டு வருகிறது. திரையின் பிரகாசத்தைப் பாதிக்குக் குறைத்துவிட்டுப் படத்தைப் பாருங்கள். அப்போது திரையிலும் இருண்டு தெரிந்தால், மேலே ஒரு Curves போட்டு நடுப்பகுதியைத் தூக்குங்கள். அப்படியும் பிடிபடாவிட்டால் லேயர்களைத் தொடாதீர்கள். இங்கே வேலை அச்சகத்துடையது. எந்தப் புரொஃபைலில் கோப்பு வேண்டும், sRGBயா வேறா என்று கேட்டு, முகமும் இருண்ட பின்னணியும் சேர்ந்து வரும் ஒரு 4×6 துண்டை மட்டும் முதலில் அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். அரங்கேற்றப் படத்துக்கு இரண்டு துண்டுகள் எடுத்தோம். முதல் துண்டில் கூந்தலும் பின்னணியும் ஒன்றாகிப் போயிருந்தன. பின்னணி லேயரை மட்டும் கொஞ்சம் வெளிறாக்கினேன், இரண்டாவது துண்டில் கூந்தல் இழை தனியாகத் தெரிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் முழு அச்சுக்குக் கொடுத்தோம்.